மாவட்டத்தை மாற்றினேன், தாலுகா மாறவில்லை

போன வருடம் ஆகஸ்ட் மாதம் ஒரு காலை, திருப்பத்தூரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் போன் செய்தார். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். எங்கள் அறக்கட்டளைக்காகச் சம்பளம் வாங்காமல் மாணவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை தருபவர். "ஏம்மா, நீங்க அனுப்பின லிஸ்ட்ல பதினோரு பேர் இருக்காங்க. ரெண்டு நாளா சுத்துறேன், அதுல ஒரு ஊர்கூட இந்தப் பக்கம் இல்லம்மா. பின்கோடு எல்லாம் 635ன்னு ஆரம்பிக்குது. நம்மது 630 இல்லையா?" என்றார். குரலில் கோபம் இல்லை. வெயிலில் அலைந்த களைப்புதான் இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த லிஸ்ட் என் எக்செல் ஷீட்டிலிருந்து போனது. அதை உருவாக்கியது நான். "தப்பே வராது சார், மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தா அந்த மாவட்டத்துத் தாலுகா மட்டும்தான் வரும்" என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்ததும் நான்.

நான் மதுரையில் ஒரு சிறிய அறக்கட்டளையில் கணக்கும் அலுவலக வேலையும் பார்க்கிறேன். வருடாவருடம் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கிறோம். விண்ணப்பங்கள் தபாலில் காகிதமாக வரும். அந்த வருடம் 1,146 வந்தன. நானும், இன்னொரு அக்காவும், கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு தம்பியும் சேர்ந்து அவற்றை எக்செல்லில் ஏற்றினோம். அதன் பிறகு ஒவ்வொரு தாலுகாவுக்கும் உள்ள தன்னார்வலருக்கு அவரவர் பகுதி மாணவர்களின் பட்டியல் போகும். அவர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவதை வைத்துத்தான் காசோலை போடுவார்கள். ஆகவே அந்த ஷீட்டில் தாலுகா என்ற ஒரு செல் தப்பானால், ஒரு மாணவரின் வீட்டுக்கு ஆள் போகமாட்டார்.

முந்தைய வருடங்களில் தாலுகாவைக் கையால் தட்டினோம். ஒரே ஊரை நாலு விதமாக எழுதியிருப்போம். அதைச் சரிசெய்வதற்காகத்தான் இந்த இரட்டை டிராப்டவுனைச் செய்தேன். B நெடுவரிசையில் இருக்கும் முதல் பெட்டியில் 38 மாவட்டங்கள், C-இல் இருக்கும் இரண்டாவது பெட்டியில் தேர்ந்தெடுத்த மாவட்டத்தின் தாலுகாக்கள் மட்டும். செய்முறை எல்லோரும் சொல்லும் அதே வழிதான். இன்னொரு ஷீட்டில் முதல் வரிசையில் மாவட்டப் பெயர்கள், ஒவ்வொன்றின் கீழும் அதன் தாலுகாக்கள். மொத்தத்தையும் தேர்வு செய்து `Formulas` பட்டையில் `Create from Selection` கொடுத்து `Top row` டிக் செய்தால், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அந்த மாவட்டத்தின் பெயரே பெயராக அமைந்துவிடும். அப்புறம் தாலுகா செல்லில் `Data Validation` திறந்து `List` தேர்ந்தெடுத்து, கீழே இதைப் போட வேண்டும்:

```
=INDIRECT($B2)
```

B2-இல் Tenkasi என்று இருந்தால், Tenkasi என்ற பெயருள்ள பட்டியலைப் போய் எடுத்துவா என்பது இதற்கு அர்த்தம். போட்டவுடன் மூலப்பட்டியலில் பிழை இருக்கிறது, தொடரலாமா என்று எக்செல் கேட்கும். B2 அப்போது காலியாக இருப்பதால் கேட்கிறது, `Yes` கொடுத்துவிடலாம். முதல்முறை பார்த்தபோது அதற்கே நான் அரை மணிநேரம் பயந்து உட்கார்ந்திருந்தேன். நீலகிரிக்கு மட்டும் அம்புக்குறியை அழுத்தினால் ஒன்றும் திறக்கவில்லை. நான் The Nilgiris என்று இடைவெளி விட்டு எழுதியிருந்தேன். இந்தப் பெயர்களில் இடைவெளி இருக்கக் கூடாது என்பதால் எக்செல் அதை The_Nilgiris என்று மாற்றி வைத்துக்கொண்டது. ஃபார்முலாவோ இடைவெளியோடு தேடியது. இதைக் கண்டுபிடித்து `=INDIRECT(SUBSTITUTE($B2," ","_"))` என்று மாற்றியதும் வேலை செய்தது. அன்று மாலை எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று பேரும் 12 நாட்களில் 1,146 விண்ணப்பங்களையும் ஏற்றி முடித்தோம்.

ஆசிரியரின் போனுக்குப் பிறகு முதலில் அந்தப் பதினோரு பேரைத்தான் பார்த்தேன். ஷீட்டில் தப்பே இல்லை. மாவட்டம் Tirupathur, தாலுகா Tirupathur. 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டம். பின்கோடு 635. எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு எப்படிச் சிவகங்கைக்குப் போனது? தன்னார்வலரின் பெயரை எடுக்க நான் போட்டிருந்த VLOOKUP தாலுகாவை மட்டும் வைத்துத் தேடியது. சிவகங்கை மாவட்டத்திலும் திருப்பத்தூர் என்ற தாலுகா இருக்கிறது. இரண்டையும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதியிருந்தேன். மேலிருந்து தேடி வரும் VLOOKUP முதலில் எதைக் கண்டதோ அதையே எடுத்துக்கொள்ளும். அகரவரிசையில் Sivaganga முன்னால் வந்ததால் பதினோரு பேரும் அந்த ஆசிரியரிடம் போய்விட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாவது டிராப்டவுனில் தேர்ந்தெடுத்த சொல்லுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. முதல் பெட்டியோடு சேர்ந்துதான் அது ஒரு இடத்தைக் குறிக்கிறது. செல்லில் வெறும் Tirupathur என்றுதான் பதிவாகிறது, எந்த மாவட்டத்துப் பட்டியலிலிருந்து எடுத்தது என்ற தகவல் அதோடு வராது. அதனால் அந்தச் சொல்லை வைத்து எங்கே தேடினாலும், எண்ணினாலும், வடிகட்டினாலும், இரண்டு செல்களையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இப்போது தன்னார்வலர் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் `Sivaganga|Tirupathur` என்பது போல ஒரு சாவி வைத்திருக்கிறேன். `Lists` என்ற ஷீட்டில் G நெடுவரிசையில் சாவி, H-இல் தன்னார்வலரின் பெயர்.

```
=VLOOKUP($B2&"|"&$C2,Lists!$G$2:$H$400,2,FALSE)
```

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. மாவட்டமும் தாலுகாவும் பொருந்தாத வரி என்றால் பெயருக்குப் பதில் `#N/A` வந்து நிற்கும். பழைய ஃபார்முலா பொருந்தாத வரிக்கும் யாரோ ஒருவரின் பெயரைக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

பதினோரு பேரோடு முடிந்தது என்று நினைத்தேன். அன்று மாலை நான்கு மணிக்குத் திருநெல்வேலித் தன்னார்வலர் கூப்பிட்டார். "அக்கா, இந்தப் பொண்ணு வீடு சங்கரன்கோவில் பக்கம்லா இருக்கு, எனக்கு ஏன் போட்டிருக்கீங்க? நான் பஸ் ஏறிப் போயிட்டேன், திரும்பி வர ராத்திரி ஆயிரும்." ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் அந்தத் தம்பி வீணாக அலைந்திருக்கிறார். அந்த வரியைத் திறந்து பார்த்தேன். மாவட்டம் Tenkasi, தாலுகா Tirunelveli.

அப்படி ஒரு ஜோடியே உலகத்தில் இல்லை. தென்காசி மாவட்டத்தின் டிராப்டவுனைத் திறந்தால் திருநெல்வேலி வரவே வராது. நானே பத்து முறை சோதித்துப் பார்த்தேன், வரவில்லை. பிறகு எப்படி அது செல்லுக்குள் வந்தது? அன்று இரவு வீட்டில் சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை. மறுநாள் அந்த விண்ணப்பத்தின் காகிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பெண்ணின் அப்பா பழைய பழக்கத்தில் மாவட்டம் திருநெல்வேலி, தாலுகா சங்கரன்கோவில் என்று எழுதியிருந்தார். 2019 நவம்பர் வரை அதுதான் சரி. தென்காசி தனி மாவட்டமான பிறகும் நிறையப் பேர் இன்னும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஷீட்டில் ஏற்றிய அக்கா காகிதத்தில் இருந்தபடியே திருநெல்வேலி மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். தாலுகாப் பட்டியலில் சங்கரன்கோவில் இல்லை. காலியாக விட மனமில்லாமல், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று Tirunelveli தாலுகாவைப் போட்டுவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தார். மூன்று நாள் கழித்து அந்தக் கேள்விக்குறிகளை எல்லாம் நான்தான் எடுத்துச் சரிபார்த்தேன். மாவட்டத்தை Tenkasi என்று மாற்றினேன். தாலுகா தானாக மாறியிருக்கும், இல்லை காலியாகியிருக்கும் என்று நம்பி அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அது மாறாது. காலியாகவும் ஆகாது. இதை யாராவது எனக்கு ஒரு வரியில் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன். டேட்டா வேலிடேஷன் என்பது செல்லில் நாம் ஒன்றைத் தட்டி எண்டர் கொடுக்கும் அந்த நொடியில் மட்டும்தான் சோதிக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்த மதிப்பை அது மறுபடி திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்துச் செல்லில் மாவட்டத்தை மாற்றும்போது, தாலுகா செல்லில் காட்டப்போகும் பட்டியல்தான் மாறுகிறது. அதில் ஏற்கெனவே எழுதியிருப்பது அப்படியே நிற்கும். சிவப்பு நிறமோ எச்சரிக்கையோ எதுவும் வராது. பார்க்க எல்லா வரியும் ஒரே மாதிரி சுத்தமாக இருக்கும். கையால் தட்டிய காலத்தில் Sankarankoil, Sankarankovil என்று அலங்கோலமாக இருந்தாலும், பார்த்தவுடன் ஆளுக்குப் புரிந்தது. இப்போது எழுத்துப்பிழை இல்லாத தப்பு இருந்தது, அதுதான் பயங்கரம்.

எத்தனை வரிகள் இப்படி இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். 1,146 காகிதங்களையும் மறுபடி எடுத்து ஒப்பிடத் தொடங்கினோம். ஒரு நாள் முழுக்க மூன்று பேர் உட்கார்ந்து 140 வரிகள்தான் முடிந்தது. இரண்டாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. தாலுகாக்களை மாவட்டவாரியாக 38 நெடுவரிசைகளில் வைக்காமல், இரண்டே நெடுவரிசைகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் என்ன? `Lists` ஷீட்டின் A-இல் மாவட்டம், B-இல் தாலுகா. ஒரு தாலுகாவுக்கு ஒரு வரி. முந்நூறுக்கு மேல் வரிகள் வரும், அவ்வளவுதான். அப்படி வைத்துவிட்டால், ஒரு ஜோடி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க ஒரே ஃபார்முலா போதும்:

```
=COUNTIFS(Lists!$A$2:$A$400,$B2,Lists!$B$2:$B$400,$C2)
```

சரியான ஜோடி என்றால் 1 வரும். இல்லாத ஜோடி என்றால் 0. தாலுகா காலியாக இருந்தாலும் 0, பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டியிருந்தாலும் 0. இதை ஒரு நெடுவரிசையில் கடைசி வரை இழுத்துவிட்டு, 0 மட்டும் வடிகட்டினேன். 63 வரிகள் வந்தன. அந்த எண்ணைப் பார்த்தபோது அழுகை வந்தது, ஆனால் அதே நேரத்தில் தேட வேண்டியது 1,146 இல்லை, 63தான் என்ற நிம்மதியும் இருந்தது. இந்த ஃபார்முலாவை நான் முதல் நாளே போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அதனால் யாராவது இரட்டை டிராப்டவுன் செய்யப்போகிறேன் என்றால், முதலில் இந்தச் சோதனை நெடுவரிசையைப் போடுங்கள், டிராப்டவுனை அப்புறம் செய்யலாம் என்றுதான் சொல்வேன். டிராப்டவுன் தட்டுவதைச் சுலபமாக்கும். தரவு சரியா என்று சொல்வது இந்த நெடுவரிசைதான்.

அந்த 63-இல் 41 வரிகள் நான் மாவட்டத்தை மட்டும் திருத்திய வரிகள். தென்காசிக்கு அடுத்தபடியாக அதிகம் இருந்தது மயிலாடுதுறை. 2020 வரை நாகப்பட்டினத்தில் இருந்த சீர்காழி, தரங்கம்பாடி, குத்தாலம் எல்லாம் அதே கதைதான். எட்டு வரிகளில் தம்பி வேறொரு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தான். ஒட்டினால் வேலிடேஷன் தடுக்காது. அதைவிட மோசம், சாதாரணமாக ஒட்டும்போது அந்தச் செல்லில் இருந்த வேலிடேஷனையே அழித்துவிட்டு, மூலச்செல்லில் என்ன இருந்ததோ அதை வைத்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் செல்லில் அம்புக்குறியே வராது. `Home` பட்டையில் `Find & Select` போய் `Data Validation` கொடுத்தால், வேலிடேஷன் உயிரோடு இருக்கும் செல்களை மட்டும் தேர்வு செய்து காட்டும். நடுவில் ஓட்டை இருந்தால் அங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். நகலெடுத்து ஒட்ட வேண்டும் என்றால் மதிப்பை மட்டும் ஒட்டச் சொல்லுங்கள், வேலிடேஷனாவது பிழைக்கும். அப்போதும் தப்பான மதிப்பு உள்ளே வரத்தான் செய்யும்.

மீதி 14 வரிகள்தான் என்னை ரொம்பக் குழப்பின. அவற்றில் எழுத்துப்பிழையோடு கையால் தட்டியிருந்தார்கள். பட்டியலில் இல்லாததைத் தட்டினால் தடுக்க வேண்டும் அல்லவா? `Stop` எச்சரிக்கைதான் வைத்திருந்தேன். ஏன் விட்டது? காரணம் `Ignore blank` என்ற சின்ன டிக். அது எப்போதும் தானாகவே டிக் ஆகியிருக்கும். காலியாக விட்டால் பரவாயில்லை என்பதுதான் அதன் வேலை என்று நினைத்திருந்தேன். ஆனால் பெயரிட்ட பட்டியலுக்குள் ஒரு காலிச் செல் இருந்து, இந்த டிக்கும் இருந்தால், எதைத் தட்டினாலும் உள்ளே விட்டுவிடும். நான் மொத்தத்தையும் ஒரே செவ்வகமாகத் தேர்வு செய்து பெயரிட்டிருந்தேன். அதிகத் தாலுகா உள்ள மாவட்டத்தின் நீளத்துக்கு எல்லா நெடுவரிசைகளும் நீண்டுவிட்டன. மயிலாடுதுறைக்கு நான்கே தாலுகா, அதன்கீழ் எல்லாம் காலி. டிராப்டவுனைத் திறக்கும்போது அடியில் வெற்று வரிகள் தெரிந்ததை அக்கா அன்றைக்கே காட்டினார். அழகுக்குறைவு என்று நினைத்து விட்டுவிட்டேன். உங்கள் பட்டியலின் அடியில் வெற்று வரி தெரிந்தால் உடனே நின்று பாருங்கள், அங்கே காவல் இல்லை என்று அர்த்தம். டிக்கை எடுத்துவிடுவது நல்லது, பட்டியலைச் சரியான நீளத்துக்கு வெட்டுவது அதைவிட நல்லது.

திருத்தங்கள் முடிந்து எல்லாத் தன்னார்வலர்களுக்கும் புதிய பட்டியல் போக 19 நாட்கள் ஆகின. வீண் பயணங்களுக்கு அறக்கட்டளை ₹11,200 கொடுத்தது. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அதில் ₹5,000-ஐ என் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பணம் கூடப் பரவாயில்லை. திருப்பத்தூர் மாவட்டத்து அந்தப் பதினோரு பேரில் ஒரு பெண்ணுக்குக் கல்லூரியில் கட்டணக் கடைசித் தேதி தாண்டிவிட்டது. அவள் அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தார். எங்கள் காசோலை அதற்குப் பிறகுதான் போனது. அவர் போனில் "பரவால்லம்மா, வந்துச்சுல்ல" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்த வருடம் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினேன். இரண்டு நெடுவரிசைப் பட்டியல் ஏற்கெனவே இருந்ததால், INDIRECT-ஐயும் 38 பெயர்களையும் தூக்கிவிட்டேன். தாலுகா செல்லின் வேலிடேஷனில் இப்போது இருப்பது இது:

```
=OFFSET(Lists!$A$1,MATCH($B2,Lists!$A$2:$A$400,0),1,COUNTIF(Lists!$A$2:$A$400,$B2),1)
```

பார்க்கப் பயமாக இருந்தாலும் செய்வது எளிமையான வேலை. MATCH அந்த மாவட்டம் எத்தனையாவது வரியில் தொடங்குகிறது என்று சொல்கிறது. COUNTIF அந்த மாவட்டத்துக்கு எத்தனை வரிகள் என்று எண்ணுகிறது. OFFSET அங்கே போய் நின்று, வலப்பக்க நெடுவரிசையில் அத்தனை வரிகளை எடுத்துத் தருகிறது. இடைவெளி உள்ள பெயருக்குத் தனி வைத்தியம் தேவையில்லை, வெற்று வரியும் வராது. புதிதாக ஒரு மாவட்டம் பிரிந்தால், தாலுகாப் பட்டியலைப் பொறுத்தவரை A நெடுவரிசையில் பெயரை மாற்றி வரிசைப்படுத்தினால் போதும்; மாவட்டப் பட்டியலிலும் தன்னார்வலர் சாவியிலும் புதிய பெயரைப் போட வேண்டும்.

அந்த வரிசைப்படுத்துதலை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு மாவட்டத்தின் வரிகள் எல்லாம் அடுத்தடுத்து இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். நான் முதலில் தென்காசிக்கு ஏழு தாலுகாதான் எழுதியிருந்தேன், திருவேங்கடம் விட்டுப்போயிருந்தது. ஞாபகம் வந்ததும் பட்டியலின் கடைசியில், நெடுவரிசையின் அடியில் சேர்த்துவிட்டேன். பிறகு தென்காசியைத் திறந்தால் எட்டாவதாக Budalur வந்தது. பூதலூர் தஞ்சாவூரில் அல்லவா இருக்கிறது! எண்ணிக்கை எட்டு என்று சரியாக வந்துவிட்டது, ஆனால் தென்காசியின் ஏழு வரிகளுக்கு அடுத்த வரி தஞ்சாவூரின் முதல் தாலுகா. அதை எடுத்துக் காட்டியது, அடியில் இருந்த திருவேங்கடம் தெரியவே இல்லை. A, B இரண்டையும் சேர்த்து வரிசைப்படுத்தியதும் சரியானது. யாருடைய பட்டியலிலாவது கடைசியில் ஒரு அந்நிய ஊர் எட்டிப் பார்த்தால், காரணம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து, மாவட்டத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போகும் என் பழைய தப்பைத் தடுக்க வேண்டும். மாவட்டம் மாறினால் தாலுகாவை அழித்துவிடும் மேக்ரோ எழுதலாம் என்று தம்பி சொன்னான். அது வேலை செய்யும். ஆனால் மேக்ரோ ஷீட்டை மாற்றிய பிறகு `Undo` செய்ய முடியாமல் போகும், கோப்பை `.xlsm` ஆக வைக்க வேண்டும், வேறு கணினியில் மேக்ரோவை அனுமதிக்காவிட்டால் சத்தமில்லாமல் நின்றுவிடும். எங்கள் அலுவலகத்தில் மூன்று கணினி, மூன்றும் வேறு வேறு. அதனால் வேறு வழியில் போனேன். தாலுகா நிரம்பியிருந்தால் மாவட்டப் பட்டியலே திறக்காதபடி செய்தேன். 38 மாவட்டங்களுக்கு `DistrictList` என்று பெயர் வைத்து, E1 செல்லில் "முதலில் தாலுகாவை அழிக்கவும்" என்று எழுதி, மாவட்டச் செல்லின் வேலிடேஷனில் இதைப் போட்டேன்:

```
=IF($C2="",DistrictList,Lists!$E$1)
```

தாலுகா காலியாக இருந்தால் 38 மாவட்டங்கள் வரும். நிரம்பியிருந்தால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் பட்டியலாக வந்து நிற்கும். வேறு மாவட்டத்தைக் கையால் தட்டினாலும் ஏற்காது. அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "இது நம்மகிட்ட பேசுது" என்றார். ஒரே குறை, மாவட்டச் செல்லில் `Delete` விசையை அழுத்தினால் அது தடுக்காது. அழிப்பதை வேலிடேஷன் கவனிப்பதே இல்லை. அதற்குத்தான் சோதனை நெடுவரிசை இருக்கிறது. அதே COUNTIFS-ஐ `Conditional Formatting`-இல் போட்டு, மாவட்டம், தாலுகா இரண்டில் ஒன்றாவது நிரம்பியிருந்து எண்ணிக்கை 0 என்றால் வரி முழுக்கச் சிவப்பாகும்படி செய்திருக்கிறேன். ஏற்றிக்கொண்டிருக்கும்போது, மாவட்டம் தேர்ந்தெடுத்தவுடன் சிவப்பாகும், தாலுகா தேர்ந்தெடுத்தவுடன் மறையும். யாரும் சொல்லாமலே சிவப்பை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவதில்லை.

விண்ணப்பத்தையே கூகுள் ஃபார்மில் வாங்கலாமே என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டார். முயன்று பார்த்தேன். அதில் ஒரு கேள்வியின் பதிலை வைத்து அடுத்த டிராப்டவுனை மாற்ற வழி இல்லை. பதிலுக்கு ஏற்ப வேறு பகுதிக்குத் தாவச் செய்யலாம். அப்படியென்றால் மாவட்டத்துக்கு ஒரு பகுதியாக 38 பகுதிகள். பதில்கள் வரும் ஷீட்டில் தாலுகாவுக்கு 38 நெடுவரிசைகள், ஒவ்வொரு வரியிலும் ஒன்றே ஒன்று நிரம்பியிருக்கும். நான்கைந்து பிரிவுகள் உள்ள வேலைக்கு அது சரிவரும், எங்களுக்கு வராது. காகிதத்திலேயே தொடர்கிறோம்.

இந்த இரண்டு சோதனைகளாலும் பிடிக்க முடியாத தப்பு ஒன்று இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டத்து மாணவருக்குத் தவறுதலாகச் சிவகங்கையைத் தேர்ந்தெடுத்து, தாலுகா திருப்பத்தூர் என்று போட்டால், ஜோடி பட்டியலில் இருக்கிறது. COUNTIFS 1 என்றே காட்டும். இதற்குப் பின்கோடுதான் துணை. சிவகங்கைத் திருப்பத்தூர் 630211, மாவட்டத் தலைநகரான திருப்பத்தூர் 635601. முதல் மூன்று எண்களைப் பார்த்தாலே போதும். போன வருடம் அந்த ஆசிரியர் வெயிலில் நின்று கவனித்ததும் அதைத்தான். இந்த இரண்டு தாலுகா வரிகளை மட்டும் தனியாக வடிகட்டி, பின்கோட்டைக் கண்ணால் பார்த்துவிடுகிறேன். அதற்குப் பத்து நிமிடம் ஆகிறது.

இந்த வருடம் ஜூலை கடைசியில் பட்டியலை அச்சுக்கு அனுப்பும் முன் 0 வடிகட்டிப் பார்த்தேன். நான்கு வரிகள். மூன்றில் தாலுகா காலி, ஒன்றில் ஒட்டிய மதிப்பு. நான்கு வீடுகளுக்கும் போன் செய்து கேட்டு எழுதினேன். பிறகு திருப்பத்தூர் ஆசிரியருக்கு அவருடைய பட்டியலை அனுப்பிவிட்டு, "சார், ஒருமுறை பின்கோடு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். அரை மணி கழித்துக் கூப்பிட்டார். "எல்லாம் 630தாம்மா. நாளைக்குக் காலைல கிளம்புறேன்."